கிணற்றடிப் பாசி யாருடையது?

ஆனி பிறந்துவிட்டால் நாஞ்சில் நாட்டுக் கிணற்றடிகளில் பாசி படர ஆரம்பித்துவிடும். தென்மேற்கு மழை ஓய்ந்து தளம் காய்வதற்குள் ஐப்பசி மழை வந்து சேரும். இரண்டு பருவமழையும் பெறுகிற மாவட்டம் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். வீட்டின் பின்புறத்துச் சிமென்ட் தளத்தைப் பொறுத்தவரை அந்தப் பெருமைக்கு அர்த்தம் ஒன்றுதான், ஆண்டில் பாதி நாள் அது வழுக்கும். வீட்டுக்காரர்கள் அங்கே அதிகம் கால் வைப்பதில்லை. துவைகல்லும் பாத்திரம் விளக்குகிற இடமும் அங்கே இருப்பதால், தினமும் கால் வைப்பவர் வேலைக்கு வருகிற அக்காதான்.

எடைபோட வசதியாக ஒரு வழக்கைக் கட்டி எடுத்துக்கொள்கிறேன். இது எந்த ஒரு வீட்டின் கதையும் அல்ல, ஆனால் ஊரில் இல்லாத புதுமை எதையும் நான் சேர்க்கவுமில்லை. நாகர்கோவிலில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீடு. வேலைக்கு வருகிறவருக்கு வயது 45. காலையில் மூன்று வீடுகள், முதல் வீட்டில் மாதம் 2,500 ரூபாய், இரண்டாவதில் 2,000, மூன்றாவதில் 1,500. மொத்தம் 6,000. ஒரு மழைநாளில், முதல் வீட்டில், அலசிய துணி வாளியோடு திரும்பும்போது கால் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுகிறார். மணிக்கட்டுக்குச் சற்று மேலே எலும்பு முறிகிறது. டீச்சர் பதறி ஓடி வந்து, ஆட்டோ பிடித்து, தனக்குத் தெரிந்த வர்ம ஆசானிடம் கூட்டிப்போகிறார். மூங்கில் பத்தை வைத்துக் கட்டுகிறார்கள். மூன்று வாரம் கழித்தும் வீக்கம் வற்றாததால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகிறார்கள். எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது. கை இனி முழுதாகத் திரும்பாது. துணி பிழிய முடியாது, குக்கர் மூடியைத் திருகித் திறக்க முடியாது. இதற்குள் மற்ற இரண்டு வீட்டிலும் வேறு ஆள் வைத்தாயிற்று. டீச்சர் ஒரு மாதச் சம்பளமும் கையில் பத்தாயிரமும் கொடுத்தார். ஊரில் யாரைக் கேட்டாலும் டீச்சர் நல்லவர் என்பார்கள். அந்த அக்காவே சொல்வார், “என்னத்துக்குக் கேஸு? அவிய பாக்க வேண்டியத பாத்தாவ.”

டீச்சர் நல்லவர்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவர் கடன்பட்டவரா என்பதே கேள்வி.

வீட்டுக்காரர் தரப்பில் மூன்று வாதங்கள் உண்டு. மூன்றையும் அவற்றின் முழுப் பலத்தோடு எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் எதுவும் வெறும் சாக்கு அல்ல.

முதல் வாதம், “நான் என்ன முதலாளியா?” ஓய்வூதியத்தில் வாழ்கிற ஒருவர், லாபம் எதுவும் ஈட்டாமல், ஒன்றரை மணி நேர உதவிக்கு ஆள் வைக்கிறார். ஆலை முதலாளி விபத்துச் செலவைத் துணியின் விலையில் ஏற்றிவிடலாம். டீச்சர் எதில் ஏற்றுவார்? இந்த வாதத்தை நம் சட்டம் பாதி ஏற்றுக்கொண்டிருக்கிறது. தவறு யாருடையது என்று கேட்காமலே இழப்பீடு தரச்சொல்கிற சட்டம் 1923 முதல் நம்மிடம் இருக்கிறது. பிறகு அதன் பெயர் மாறியது. இப்போது, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. ஆனால் அது எல்லா வேலையாட்களுக்கும் உரியதல்ல. அட்டவணை ஒன்று உண்டு. அதில் பெயர் உள்ள தொழில் செய்கிறவருக்கு மட்டும்தான் அந்த இழப்பீடு. மத்திய அட்டவணையில் வீட்டு வேலை என்று ஒரு வரி கிடையாது.

கிடையாது என்பதைவிட, அதில் என்னென்ன இருக்கிறது என்பதுதான் சுவாரசியம். பனை சீவுவது இருக்கிறது, மரம் வெட்டுவது இருக்கிறது, இயந்திர வண்டி ஓட்டுவது இருக்கிறது. பன்னிரண்டு அடியும் அதற்கு மேலும் உயரமுள்ள கட்டடத்தைப் பழுது பார்ப்பது இருக்கிறது. இப்போது டீச்சரின் வளாகத்துக்குள் இந்த அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து பாருங்கள். காற்றில் சாய்ந்த பலாவை வெட்ட ஒருநாள் வந்தவர் விழுந்தால் அவர் அட்டவணைக்குள் வர வழி உண்டு. கார் ஓட்டுகிற தம்பிக்கு வழி உண்டு. ஓடு மாற்ற வந்தவருக்கும் உண்டு. பதினைந்து வருடமாகத் தினமும் பின்வாசல் வழியாக வந்து போகிற பெண்ணுக்கு மட்டும் இல்லை. வீட்டுக்காரரால் தாங்க முடியாது என்பதுதான் காரணமென்றால், மரம் வெட்டியவருக்கு அதே வீட்டுக்காரர் எப்படித் தாங்குவார்? ஆக, அட்டவணை தாங்கும் சக்தியைப் பார்த்து எழுதப்படவில்லை. ஆண்கள் செய்கிற, உயரமும் இயந்திரமும் உள்ள வேலைதான் ஆபத்து என்ற பழைய கண்ணோடு எழுதப்பட்டது. முதல் வாதம் டீச்சரின் நிலைமையைச் சரியாகச் சொல்கிறது, சட்டத்தின் நிலைமையைச் சொல்லவில்லை.

அட்டவணைக்கு வெளியே நிற்பவருக்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. சிவில் நீதிமன்றம். அங்கே தவறு யாருடையது என்பதுதான் முழு வழக்கும். 1937-ல் ஸ்காட்லாந்து நிலக்கரிச் சுரங்க வழக்கு ஒன்றில் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை வேலை கொடுப்பவரின் கடமைகளை வகுத்தது. தகுதியான சக ஊழியர்கள், சரியான கருவிகள், பாதுகாப்பான வேலைமுறை, இவற்றைக் கவனித்துத் தர வேண்டியது அவர் பொறுப்பு, அதைப் பிறர் தலையில் கட்டிவிட்டுத் தப்ப முடியாது. சுரங்கத்துக்குச் சொன்னதை அளவைச் சுருக்கிக் கிணற்றடிக்கும் சொல்லலாம். நடக்கத் தக்க தளம், வேலைக்கு வேண்டிய பிரஷ், அவசரமில்லாமல் செய்ய நேரம்.

இங்கேதான் இரண்டாவது வாதம் வருகிறது. மூன்றில் இதுவே கூர்மையானது. “பாசி இருப்பது அவளுக்குத் தெரியாதா? பதினைந்து வருடமாக அந்தத் தளத்தில் நடக்கிறாள். அதைத் தேய்த்துக் கழுவுவதும் அவள் வேலைதானே?”

தெரியும் என்பதை முதலில் பார்ப்போம். தெரிந்துதானே வந்தாய் என்ற வாதத்துக்கு 1938-ல் இயற்றப்பட்ட முதலாளிகள் பொறுப்புச் சட்டம் அப்போதே கடிவாளம் போட்டது. ஆபத்தை முழுதாக விளக்கினேன், வேலையாள் புரிந்துகொண்டார், தன் விருப்பத்தோடு ஏற்றார் என்று வேலை கொடுத்தவர் நிரூபித்தாலன்றி, வேலையாள் அந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டதாகக் கருதக்கூடாது என்றது. சுமையை எந்தத் தோளில் வைத்தார்கள் என்று கவனியுங்கள். தளம் வழுக்கும் என்று தெரிந்திருப்பது வேறு, வழுக்கி விழுந்தால் அது என் பாடு என்று ஒத்துக்கொள்வது வேறு. “பாத்துப் போ பிள்ளே” என்று அடுக்களையிலிருந்து கூப்பிட்டுச் சொல்வது விளக்கமும் ஆகாது, பரிகாரமும் ஆகாது. சொல்லப்போனால் அது டீச்சருக்கு எதிரான சாட்சி. பாசி இருப்பது அவருக்கும் தெரிந்திருந்தது என்பதை அந்த வார்த்தையே காட்டிக்கொடுக்கிறது.

தேய்ப்பதும் அவள் வேலைதானே என்பது இன்னும் கடினமானது. உண்மையாகவே அது அவர் வேலையாக இருந்தால், நீக்க வேண்டிய ஆபத்தை நீக்காமல் விட்டவர் அவரே ஆகிறார், டீச்சரின் பொறுப்பு பெருமளவு கரைந்துவிடும். ஆகவே ஏற்பாடு என்ன என்று தோண்ட வேண்டும். எழுத்தில் எதுவும் இருக்காது, ஆனால் நேரமும் சம்பளமும் பேசும். ஒன்றரை மணி நேரத்தில் பாத்திரம், துணி, கூட்டித் துடைப்பது. ஏழு மணிக்கு வந்து எட்டரைக்கு அடுத்த வீட்டில் நிற்க வேண்டும். பிளீச்சிங் பவுடர் போட்டு ஊறவிட்டு, பிரஷால் தேய்த்து, பாசியை எடுக்க முக்கால் மணி நேரமாவது வேண்டும். அந்த நேரத்துக்குக் கூலி பேசினார்களா? பவுடர் வாங்கி வைத்தார்களா? கடைசியாக அதைத் தேய்த்தது எப்போது, யார் சொல்லி? வழக்கமாகக் கிடைக்கும் பதில், பொங்கலுக்கு முன்னால் ஒருநாள் தனியாக நூறு இருநூறு கொடுத்துத் தேய்க்கச் சொன்னோம் என்பதாக இருக்கும். அந்தப் பதிலோடு வாதம் முடிந்தது. தனியாகக் கூலி கொடுத்துச் செய்யச் சொன்ன வேலை, மாதச் சம்பளத்துக்குள் அடங்கிய வேலை அல்ல. பாசி வீட்டினுடையது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதே அக்கா, காய்ந்த திண்ணையில், தன் செருப்பு வார் அறுந்து விழுந்தார் என்றால் சிவில் வழக்கு நிற்காது. டீச்சர் எதையும் செய்யத் தவறவில்லை. கை அதே கை, முறிவு அதே முறிவு, ஆனால் ஒரு பைசா கிடைக்காது. இந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வர வேண்டியிருக்கிறது.

மூன்றாவது வாதம் ஆசானைப் பற்றியது. நேராக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டு எலும்பு நேராகச் சேர்ந்திருக்கும், கோணியது என் தளத்தால் அல்ல என்று டீச்சரின் வக்கீல் சொல்வார். சட்டத்தில் இதற்கு இடம் உண்டு. அடிபட்டவர் நியாயமான சிகிச்சை எடுத்து இழப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஆட்டோவை ஆசான் வீட்டுக்கு விடச் சொன்னது யார்? வர்ம வைத்தியத்தை நான் பழிக்கவில்லை, இந்த மண்ணில் எலும்பு கட்டும் கைகளுக்கு நீண்ட பழக்கம் இருக்கிறது. நான் சொல்வது ஆவணத்தைப் பற்றி. ஆசானிடம் எக்ஸ்ரேயும் இல்லை, விபத்துப் பதிவேடும் இல்லை. அரசு மருத்துவமனையில் முதல்நாளே போயிருந்தால், எங்கே, எப்படி, எத்தனை மணிக்கு விழுந்தார் என்று அவர் சொன்னது அப்படியே பதிவாகியிருக்கும். ஏ.ஆர். காப்பி என்று நாம் சொல்கிற அந்த ஒற்றைத் தாள்தான் இப்படிப்பட்ட வழக்கின் முதுகெலும்பு. மூன்று வாரம் கழித்துப் போய் எழுதும் தாளில், “வீட்டில் விழுந்தது” என்று இரண்டு சொல்தான் இருக்கும். எந்த வீட்டில்? நல்ல மனதோடு செய்த காரியமே அந்த அக்காவின் சாட்சியத்தையும் கையையும் சேர்த்துக் கெடுத்தது. சிகிச்சையைத் தேர்ந்தவர் டீச்சரே என்னும்போது இந்த வாதமும் அவருக்குக் கைகொடுக்காது.

இனி கணக்கு. உணர்ச்சி அடங்கிய பிறகு எல்லாத் தீர்ப்பும் கணக்கில்தான் வந்து நிற்கும்.

அவர் அட்டவணைக்குள் இருந்திருந்தால் சூத்திரம் எளிது. மாதச் சம்பளத்தில் 60 சதவீதம், அதை வயதுக்கான காரணியால் பெருக்க வேண்டும், பிறகு சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போனதோ அந்தப் பங்கு. 45 வயதுக்குக் காரணி 169.44. திறன் இழப்பை 20 சதவீதம் என்று கொள்வோம். மூன்று வீட்டுச் சம்பளத்தையும் எடுத்தால் 3,600-ஐ 169.44-ஆல் பெருக்கி 6,09,984, அதில் 20 சதவீதம் ஏறத்தாழ 1,22,000 ரூபாய். விழுந்த வீட்டுச் சம்பளம் 2,500-ஐ மட்டும் எடுத்தால் ஏறத்தாழ 50,800-தான். மூன்று வீட்டில் வேலை செய்கிறவருக்கு ஒரே கைதான் என்பதை, ஒரு முதலாளிக்கு ஒரு தொழிலாளி என்று பழகிய சூத்திரம் நினைத்துப் பார்த்ததில்லை.

சிவில் வழக்கில் கணக்கு வேறு. வாகன விபத்து வழக்குகளுக்காக உச்ச நீதிமன்றம் 2009-ல் சரளா வர்மா வழக்கில் வகுத்த பெருக்கி முறையை வழிகாட்டியாகக் கொள்ளலாம். 41 முதல் 45 வயது வரை பெருக்கி 14. ஆண்டு வருமானம் 72,000, பதினான்கால் பெருக்கினால் 10,08,000. 2010-ல் ராஜ் குமார் வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது இங்கே இன்னும் முக்கியம். டாக்டர் எழுதித் தரும் ஊன சதவீதத்தை அப்படியே எடுக்காதே, அந்த ஊனம் அந்த ஆளின் பிழைப்பை எவ்வளவு பாதிக்கிறது என்று பார். மணிக்கட்டில் இருபது சதவீதம் போனால் கணக்குப்பிள்ளை சமாளித்துவிடுவார், துணி பிழிந்து பிழைப்பவரால் முடியாது. அவருக்கு 30 சதவீதம் என்று வைத்தால்கூட 3,02,400 ரூபாய். மருத்துவச் செலவும் வலிக்கான தொகையும் தனி. டீச்சர் கொடுத்த பத்தாயிரத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆனால் இந்தப் பெரிய தொகை காகிதத்தில்தான். பெண் என்பதால் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி பெற அவருக்கு உரிமை உண்டு, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் போதும். அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் வாய்தா. எதிர்த்தரப்பு டீச்சர். அவரை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனவரை அந்தத் தெருவில் அடுத்து யார் வேலைக்கு வைப்பார்கள்? வழக்குகள் வராமல் போவதற்குக் காரணம் விபத்து இல்லாதது அல்ல.

அரசு என்ன தருகிறது என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007 முதல் இருக்கிறது, பதிவு செய்திருந்தால் விபத்துக்கு உதவித்தொகை உண்டு. வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கிற பிரதமர் விபத்துக் காப்பீடும் பலரிடம் இருக்கிறது. ஆனால் அந்தக் காப்பீட்டின் நிபந்தனையைப் படித்தவர் குறைவு. ஒரு கையோ காலோ ஒரு கண்ணோ முற்றாகப் பயனற்றுப் போனால்தான் ஒரு லட்சம். கோணிய மணிக்கட்டுக்கு அதில் எதுவும் இல்லை. வீட்டுக்காரர்கள் எடுக்கும் தொகுப்புக் காப்பீடு சிலவற்றில் வீட்டு வேலையாட்களுக்கான பொறுப்பைச் சேர்த்துக்கொள்ள ஒரு பிரிவு உண்டு. வீட்டுக்கடனோடு ஒட்டி வரும் பாலிசியில் பெரும்பாலும் அது இருக்காது. டீச்சரைக் குறை சொல்வதென்றால் இதற்காகச் சொல்லலாம். கேட்டு வாங்கியிருக்கலாம்.

இதே கேள்வியைத் தென்னாப்பிரிக்கா ஒரு மரணத்தின் மேல் வைத்து முடிவு செய்தது. 2012 மார்ச்சில் பிரிட்டோரியாவில், ஒரே குடும்பத்தில் 22 ஆண்டுகள் வேலை பார்த்த மஹ்லாங்கு என்ற பெண், முதலாளி வீட்டு நீச்சல்குளத்தில் இறந்து கிடந்தார். சன்னல் துடைக்கும்போது ஏணியிலிருந்து தவறி விழுந்ததாகச் சொல்லப்பட்டது. பார்வை குறைந்தவர், நீச்சலும் தெரியாது. மகள் இழப்பீடு கேட்டபோது, தனியார் வீட்டுப் பணியாளர்களைச் சட்டம் விலக்கி வைத்திருப்பதாகச் சொல்லி மறுத்தார்கள். 2020 நவம்பர் 19 அன்று அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அந்த விலக்கையே செல்லாது என்றது, அதுவும் 1994 ஏப்ரல் 27 முதலே செல்லாது என்று பின்னோக்கி. எனக்கு அந்தத் தீர்ப்பில் பிடித்தது அதன் விளைவு. பணம் அந்த ஒரு வீட்டுக்காரரின் பையிலிருந்து வராது, வேலை கொடுப்பவர்கள் எல்லாரும் கட்டுகிற பொது நிதியிலிருந்து வரும். நான் முதலாளியா என்ற டீச்சரின் நியாயமான பயத்துக்கும், காய்ந்த திண்ணையில் விழுந்தவரின் வெறுங்கைக்கும் அது ஒரே சமயத்தில் பதில் சொல்கிறது.

நம்மிடமும் அதற்கு முன்மாதிரி இருக்கிறது. வீடு கட்ட வரைபட அனுமதி வாங்கும்போது கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம் தொழிலாளர் நலனுக்கென்று கட்டியது பலருக்கும் நினைவிருக்கும். கொத்தனார் அந்த வீட்டில் வேலை செய்தது எட்டு மாதம். அதற்கு ஒரு நிதி இருக்கிறது. அடுத்த முப்பது வருடம் அந்த வீட்டைக் கழுவித் துடைப்பவருக்காக வீட்டுக்காரரிடம் யாரும் ஒரு ரூபாய் கேட்பதில்லை.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். இன்றுள்ள சட்டப்படி டீச்சர் பொறுப்பாளி. பாசி அவருடையது, ஆசானைத் தேர்ந்ததும் அவர். வழுக்கும் தளத்தில் நிறைவாளியோடு வேகமாக நடந்ததற்காக அந்த அக்காவின் பங்கு என்று கால்வாசி கழித்தாலும், வருமான இழப்புக்கு 2,26,800 ரூபாயும் மற்றச் செலவுகளும் அவர் தர வேண்டும். தவறு பார்க்காத பொறுப்பைத் தனித்தனி வீட்டின் தலையில் வைக்கச் சொல்ல மாட்டேன். அது நல்ல வீடுகளில் வேலையையும் மற்ற வீடுகளில் உண்மையையும் ஒழித்துவிடும், விழுந்தது எங்கள் வீட்டில் இல்லை என்பார்கள். அந்தப் பொறுப்பு நிதியின் மேல் இருக்கட்டும், மூன்று வீட்டுச் சம்பளத்தையும் சேர்த்து எடுத்துக் கணக்கிடட்டும். வீட்டுவரியோடு ஒரு சிறு தொகையாக அதை வசூலிக்கலாம். ஆள் வைக்காத வீட்டுக்காரர் முணுமுணுப்பார், அவருக்கு விலக்கு கொடுக்கலாம். விலக்கு கேட்டுப் பொய் எழுதுவோர் இருப்பார்கள். அதனால் விலக்குப் படிவத்தில் ஒரே ஒரு கேள்வி வையுங்கள், பின்பக்கத் தளத்தைக் கழுவுவது யார் என்று.